பதினைந்தாயிரத்தில் எந்த ஆயிரம்?

வாசகர் கடிதம்

ஐயா, எனக்கு 27 வயது. பகுதி நேரமாக இதழ்களுக்கு எழுதுகிறேன். ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவரை மாத இதழ் ஒன்றுக்காகப் பேட்டி எடுத்தேன். இரண்டே முக்கால் மணி நேரம் பேசினார். முழுவதையும் தட்டச்சு செய்ததில் 15,400 சொல் வந்தது. இதழ் கொடுத்திருப்பது முன்னுரை, கேள்விகள் எல்லாம் சேர்த்து 1,200 சொல். பெரியவர் மனம் திறந்து பேசியிருக்கிறார், எதையும் விடக் கூடாது என்று ஒவ்வொரு தலைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். 3,100-க்கு வந்து நின்றுவிட்டது. படித்தால் எனக்கே சப்பென்று இருக்கிறது. இதை எப்படி 1,200-க்குக் கொண்டுவருவது? நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, நீக்க மட்டுமே செய்கிறேன் என்பதால் அவர் சொன்னதை மாற்றுகிறேன் என்ற பழி வராது அல்லவா? ஒரு கிளை மேனேஜர் டியூட்டி போடப் பணம் வாங்கினார் என்று அவர் சொன்னது மிகச் சூடான பகுதி. அதை வைக்கலாமா? இன்னும் பத்து நாளில் கொடுக்க வேண்டும். தட்டச்சுப் பிரதியையும் நான் குறைத்ததையும் இணைத்திருக்கிறேன்.

பதில்

தம்பி, இரண்டு பிரதிகளையும் படித்தேன். உங்கள் பேட்டி நன்றாக இருக்கிறது. குறைத்த விதத்தில்தான் சிக்கல். மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதில் நடுக் கேள்விதான் மற்ற இரண்டையும்விட முக்கியம். அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு

1,200 சொல்லும் பெரியவருக்கு இல்லை. முன்னுரைக்கு ஒரு 130, ஐந்து கேள்விகளுக்கு ஒரு 60, போனால் அவருக்கு மிஞ்சுவது ஏறத்தாழ ஆயிரம். அதாவது அவர் பேசியதில் பதினைந்தில் ஒரு பங்கு. இந்த அளவுக்குச் சுருக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் கொஞ்சம் இளைக்க வைப்பது நடக்கவே நடக்காது. ‘வந்து’, ‘என்ன சொல்றது’, ‘அதாவது’ போன்ற இடைச்சொற்களையும், சொன்னதையே திருப்பிச் சொன்ன இடங்களையும் எடுத்தால் 15,400 என்பது 12,000 ஆகலாம். அதற்கு மேல் அந்த வழியில் போக முடியாது. நீங்கள் 3,100-ல் நின்றதும் அதனால்தான். அங்கே இளைக்க வைக்க இனிச் சதை இல்லை.

உங்கள் பிரதியில் சிறுவயது, வேலைக்குச் சேர்ந்தது, சில்லறைத் தகராறு, செக்கிங், திருவிழாக் கூட்டம், ஸ்டிரைக், மேனேஜர், டிக்கெட் மெஷின், முழங்கால் வலி, ஓய்வூதியம் என்று தலைப்புகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் பங்கு கொடுத்தால் ஒன்றுக்கு நூறு சொல் கிடைக்கும். நூறு சொல்லில் ஒரு மனிதர் ஒரு சம்பவத்தைச் சொல்லி முடிக்க முடியாது. ஒரு கருத்தைத்தான் சொல்ல முடியும். அதனால் நீங்கள் அறியாமலே சம்பவங்களையெல்லாம் நீக்கிவிட்டுக் கருத்துகளை வைத்துக்கொண்டீர்கள். ‘அந்தக் காலத்தில் வேலையில் ஒரு மரியாதை இருந்தது’ என்பது உங்கள் சுருக்கத்தில் இருக்கிறது. அதை ஓய்வு பெற்ற ஆசிரியரும் சொல்வார், தபால்காரரும் சொல்வார். ஆனால் டிக்கெட் கணக்கு எழுதும் இன்வாய்ஸில் ஒரு ஸ்டேஜ் எழுத விட்டுப்போய், அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் ஏறியபோது கை நடுங்கியது என்று அவர் சொன்ன கதை காணாமல் போயிருக்கிறது. இதை ஒரு நடத்துநர்தான் சொல்ல முடியும். ‘இதே வாக்கியத்தை வேறு யாராவது சொல்லியிருக்க முடியுமா?’ என்று ஒவ்வொன்றிடமும் கேளுங்கள். ஆம் என்றால் எடுத்துவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும்.

எதையும் விடக் கூடாது என்பது அவருக்கான மரியாதை என்று நினைக்கிறீர்கள். இது பலரிடம் இருக்கும் எண்ணம்தான். ஆனால் பத்து தலைப்பில் அவரை மங்கலாகக் காட்டுவதைவிட மூன்று தலைப்பில் முழு ஆளாகக் காட்டுவது அவருக்கும் நல்லது, படிப்பவருக்கும் நல்லது. உங்கள் பிரதியில் அந்த மூன்று எனக்குத் தெளிவாகவே தெரிகிறது: காசும் சில்லறையும், செக்கிங், டிக்கெட் மெஷின் வந்தபின் வேலை மாறியது. மூன்றும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை. அடுத்தவர் காசை நாள் முழுக்கத் தோளில் சுமக்கும் ஒரு மனிதரை எல்லாரும் எப்படிச் சந்தேகப்படுகிறார்கள் என்பதுதான் அது. ஒன்றுக்கு 300 சொல் கொடுங்கள். மிச்சம் நூறு அவசரத்துக்கு இருக்கட்டும்.

அப்படியானால் சேர்ந்த ஆண்டு, ஓடிய தடங்கள், ஓய்வு பெற்றது எல்லாம்? அவற்றை அவர் வாயிலிருந்து எடுத்து உங்கள் முன்னுரைக்குக் கொண்டுபோங்கள். எந்த ஆண்டு சேர்ந்தார், எத்தனை கிளைகளில் இருந்தார் என்று அவர் பேசியது ஒரு பக்கத்துக்கு மேல். நீங்கள் சொன்னால் இருபது சொல். தகவல் யார் சொன்னாலும் தகவல்தான். அனுபவம் மட்டும் அவர் குரலில் இருக்க வேண்டும். ஸ்டிரைக்கும் முழங்கால் வலியும் இந்தப் பேட்டியில் இல்லை என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

எந்த மூன்று என்பதில் என் தேர்வோடு உடன்படாவிட்டால் இப்படிச் செய்து பாருங்கள். தட்டச்சுப் பிரதியை இரண்டு நாள் தொடாதீர்கள். அப்புறம் இந்தப் பேட்டியைப் பற்றி எதுவும் தெரியாத ஒரு நண்பரிடம், காகிதத்தைப் பார்க்காமல், அவர் என்ன சொன்னார் என்று சொல்லுங்கள். நீங்கள் முதலில் எதைச் சொல்கிறீர்கள், நண்பர் எங்கே ‘அப்புறம்?’ என்று கேட்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதிகளை மட்டும் பிரதியில் தேடி, ஒலிப்பதிவில் எத்தனையாவது நிமிடம் என்று ஓரத்தில் எழுதி, தனிக் கோப்பில் ஒட்டுங்கள். இனி அந்தக் கோப்பில்தான் வேலை. 15,400-லிருந்து கீழே இறங்குவதைவிட, வெறும் தாளிலிருந்து ஆயிரத்துக்கு ஏறுவது சுலபம்.

நீக்கினால் மட்டும் பொருள் மாறாதா?

மாறும். சேர்ப்பதைவிட நீக்குவதில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் செய்கிறவருக்கே அது தெரியாது.

இதற்கு உலகறிந்த வழக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஜெஃப்ரி மேசன் என்ற உளப்பகுப்பாய்வாளர், சிக்மண்ட் ஃப்ராய்டு ஆவணக் காப்பகத்தில் திட்ட இயக்குநராக இருந்து 1981-ல் நீக்கப்பட்டார். ஜேனட் மால்கம் என்ற எழுத்தாளர் அவரிடம் நாற்பது மணி நேரத்துக்கு மேல் ஒலிப்பதிவு செய்து, 1983 டிசம்பரில் ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதினார். நான் சொல்லாததை எல்லாம் மேற்கோளில் போட்டுவிட்டார் என்று மேசன் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1991-ல் அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

அதில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு பத்தி. காப்பகத்தின் தலைமையில் இருந்த கர்ட் ஐஸ்லர், பணிநீக்கத்தைப் பற்றி வெளியே பேசாமல் இருந்துவிடும்படி மேசனிடம் சொன்னாராம். ஏன் பேசாமல் இருக்க வேண்டும்? ‘அதுதான் கண்ணியமான செயல்.’ இதற்கு மேசன், ‘அவர் ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்’ என்றார். இதழில் வந்தது இப்படி. படிப்பவருக்கு என்ன தோன்றும்? ‘கண்ணியமா, அதற்கு நான் ஆள் இல்லை’ என்று வெட்கமில்லாமல் சொல்லும் ஒருவர் தெரிவார்.

ஒலிநாடாவில் இருந்தது வேறு. கண்ணியமான செயல் என்று சொன்ன ஐஸ்லர் அங்கே நிறுத்தவில்லை. உன் மானமும் போகாது, எங்கள் முடிவை அமைதியாக ஏற்றுக்கொண்டால் சில ஆண்டுகளில் உன்னைத் திரும்ப அழைத்துக்கொண்டாலும் கொள்ளலாம் என்று ஆசையும் காட்டினார். அதற்குப் பிறகுதான் ‘ஆளை மாற்றிப் பிடித்துவிட்டார்’ வருகிறது. ஆக, மேசன் மறுத்தது கண்ணியத்தை அல்ல, ஆசை காட்டியதை. நடுவில் இரண்டு வாக்கியம் போனதும் கடைசி வாக்கியம் நழுவி வேறொன்றோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் கடைசி வாக்கியத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மேற்கோளில் சொல்லை மாற்றினாலே அது பொய் ஆகிவிடாது, இலக்கணத்தைத் திருத்துவதும் குற்றமில்லை, பொருள் கணிசமாக மாறியதா என்பதே கேள்வி என்று நீதிமன்றம் சொன்னது. இந்தப் பத்தியில் அப்படி மாறியதாக ஒரு ஜூரி முடிவு செய்ய இடம் இருக்கிறது என்றும் சொன்னது. கடைசியில் 1994-ல் ஜூரி எழுத்தாளருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஆனால் கட்டுரை வந்து பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அது அமெரிக்கச் சட்டம். நம் ஊர் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. எடிட்டிங் பாடமாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பிரதிக்கு வருகிறேன். பெரியவர் சொன்னது இது:

‘காசு வாங்காம ஏத்தியிருக்கேன் தம்பி, பொய் சொல்லக் கூடாது. அதிகாலை முதல் டிரிப்பு, நாலே முக்கால் வண்டி. பூ மார்க்கெட்டுக்குப் போற பொம்பளைங்க நாலஞ்சு பேரு ஏறுவாங்க. போகும்போது கையில காசு இருக்காது, பூ வித்தாத்தான் காசு. திரும்பி வரும்போது தர்றேன்னு சொல்லுவாங்க. அதுக்காக டிக்கெட் போடாம விட்டா என் வேலை போயிடும். அதனால டிக்கெட்டைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டு, காசை என் சட்டைப் பையிலருந்து எடுத்துக் கலெக்ஷன் பையில போட்டுடுவேன். சாயங்காலம் தருவாங்க. தராம விட்டவங்களும் உண்டு, அதையெல்லாம் யாரு கணக்கு வச்சா? வீட்ல கேட்டா, மொய் எழுதுனேன்னு நினைச்சுக்கோம்பேன்.’

இது 65 சொல். நீங்கள் 18 ஆக்கியிருக்கிறீர்கள்:

‘காசு வாங்காம ஏத்தியிருக்கேன் தம்பி, பொய் சொல்லக் கூடாது. பூ மார்க்கெட்டுக்குப் போற பொம்பளைங்க. பூ வித்தாத்தான் காசு. அதையெல்லாம் யாரு கணக்கு வச்சா?’

ஒரு சொல்லும் நீங்கள் சேர்க்கவில்லை, உண்மைதான். ஆனால் ‘அதையெல்லாம் யாரு கணக்கு வச்சா’ என்பது முதலில் அவர் சொந்தக் காசு திரும்பி வராததைப் பற்றியது. உங்கள் சுருக்கத்தில் அது போக்குவரத்துக் கழகத்தின் கணக்கைப் பற்றியதாகிவிட்டது. டிக்கெட் போடாமல் ஆளை ஏற்றிவிட்டு, யார் கேட்கப் போகிறார்கள் என்று சிரிக்கும் நடத்துநராக அவர் நிற்கிறார். முப்பது ஆண்டு எந்தச் சந்தேகத்துக்குப் பயந்து வேலை செய்தாரோ, அதையே அவர் வாயால் உறுதி செய்ய வைத்துவிட்டீர்கள். பேட்டி வெளியானதும் அவருடைய பழைய டெப்போவில் அதை உரக்கப் படிப்பார்கள்.

நான் செய்தால் இப்படிச் செய்வேன்:

‘காசு வாங்காம ஏத்தியிருக்கேன் தம்பி, பொய் சொல்லக் கூடாது. பூ மார்க்கெட்டுக்குப் போற பொம்பளைங்க; பூ வித்தாத்தான் காசு. டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்துட்டு, காசை என் சட்டைப் பையிலருந்து எடுத்துக் கலெக்ஷன் பையில போட்டுடுவேன். தராம விட்டவங்களும் உண்டு, அதையெல்லாம் யாரு கணக்கு வச்சா? வீட்ல கேட்டா, மொய் எழுதுனேன்னு நினைச்சுக்கோம்பேன்.’

37 சொல். நாலே முக்கால் வண்டி போனது எனக்கும் வருத்தம்தான். ஆனால் அது இல்லாமல் பொருள் நிற்கிறது. ‘சாயங்காலம் தருவாங்க’ தேவையில்லை, ‘தராம விட்டவங்களும்’ என்பதிலேயே தந்தவர்கள் இருந்தார்கள் என்று வந்துவிட்டது. சட்டைப் பை வாக்கியத்தை மட்டும் தொட முடியாது. மொய் வாக்கியம் பொருளுக்குத் தேவையில்லை, அவர் யார் என்பதற்குத் தேவை.

எது தொட முடியாத வாக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ‘அது’, ‘அதனால’, ‘அதையெல்லாம்’, ‘அப்பதான்’ என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்தின் அடியிலும் கோடு போடுங்கள். அந்த ‘அது’ எதைச் சுட்டுகிறது என்று மூலத்தில் பாருங்கள். அப்புறம் உங்கள் சுருக்கத்தில் எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் நடுவில் எடுத்ததில் ஏதோ ஒன்று திரும்ப வர வேண்டும். ‘ஆனா’ என்ற சொல்லுக்குப் பின்னால் வந்ததை எடுத்திருந்தால் இன்னும் கவனம். மனிதர்கள் முதலில் ஊரார் சொல்வதைச் சொல்லிவிட்டு ‘ஆனா’வுக்குப் பிறகுதான் தங்கள் பேச்சைத் தொடங்குகிறார்கள்.

இரண்டு இடங்களில் சொன்னதை ஒட்டலாமா என்பதும் இதோடு சேர்ந்ததுதான். ஒரே சம்பவத்தை இருபதாவது நிமிடத்திலும் நூறாவது நிமிடத்திலும் சொல்லியிருந்தால் சேர்க்கலாம். எந்தச் சம்பவம் முதலில் வர வேண்டும் என்று கேள்விகளின் வரிசையையும் மாற்றலாம். ‘உரையாடல் சுருக்கித் தொகுக்கப்பட்டது’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் வாசகருக்கும் புரியும். ஆனால் ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலை வேறு கேள்விக்குக் கீழே வைக்கக் கூடாது. அந்த ஒரு வரி அதற்குப் பாதுகாப்பு தராது.

பேச்சு வழக்கை அப்படியே வைப்பதா, எழுத்து நடைக்கு மாற்றுவதா என்பது இதழின் வழக்கம். எதுவானாலும் கடைசி வரை ஒன்றாக இருக்கட்டும். எழுத்து நடைக்கு மாற்றினாலும் ‘செக்கிங்’கைப் ‘பயணச்சீட்டுப் பரிசோதகர் வருகை’ ஆக்கிவிடாதீர்கள். அவர் சொல்லும் போய்விடும், சொல் கணக்கும் ஏறிவிடும். கணக்கு என்றதும் இன்னொன்று: ‘ஓடிக் கொண்டு இருந்தது’ என்று பிரித்து எழுதினால் கணினி அதை மூன்றாக எண்ணும், ‘ஓடிக்கொண்டிருந்தது’ என்றால் ஒன்று. துணைவினையைச் சேர்த்து எழுதுவது சரியான தமிழும்கூட. இதைக் கடைசியில் செய்து பாருங்கள், கொஞ்சம் இடம் கிடைக்கும். சொல்லெண்ணிக்கையை ஏமாற்ற எல்லாவற்றையும் ஒட்டி எழுதுகிறவர்களை உதவி ஆசிரியர்கள் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேனேஜர் விஷயம்

அதை எடுத்துவிடுங்கள். சூடாக இருக்கிறது என்பது வைப்பதற்குக் காரணம் ஆகாது.

பெயர் போடவில்லையே என்பீர்கள். ஆனால் கிளையும் ஆண்டும் பேட்டியில் இருக்கின்றன. அந்த ஆண்டு அந்தக் கிளைக்கு யார் மேனேஜர் என்று அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஆளை அடையாளம் காண முடிந்தால் பெயர் இல்லாவிட்டாலும் அவதூறு அவதூறுதான். இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் வருகிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவலோ அபராதமோ விதிக்கலாம். உண்மையைத்தானே சொன்னோம் என்பது மட்டும் அங்கே போதாது. உண்மை என்றும், அதை வெளியிட்டது பொது நன்மைக்கு என்றும் இரண்டையும் காட்ட வேண்டும். உங்களிடம் இருப்பது ஒருவர் பேச்சு மட்டும். அவர் சொன்னதைத்தான் போட்டேன் என்பதும் உங்களைக் காப்பாற்றாது. சொன்னவர், எழுதியவர், வெளியிட்டவர் மூவரும் மாட்டலாம், அதில் ஓய்வூதியத்தில் இருக்கும் பெரியவரும் ஒருவர்.

கிளையையும் ஆண்டையும் நீக்கிவிட்டு ‘மேனேஜர்கள் பணம் வாங்குவார்கள்’ என்று பொதுவாக்குவதும் சரியில்லை. அவர் ஒருவரைப் பற்றிச் சொன்னதை எல்லார் மேலும் போடுகிறீர்கள், அது அவர் சொன்னதே இல்லை. அந்த விஷயம் முக்கியம் என்று நினைத்தால் தனிச் செய்தியாக விசாரியுங்கள். பணம் கொடுத்த வேறு ஆட்கள், புகார் மனு ஏதாவது இருந்ததா, அந்த மேனேஜர் தரப்பு என்ன சொல்கிறது என்று தேட வேண்டும். பத்து நாளில், 1,200 சொல்லுக்குள் நடக்கிற வேலை அல்ல.

அனுப்புவதற்கு முன்

சுருக்கி முடித்ததும் பெரியவருக்குப் போன் போட்டு, அவர் பேச்சாக வரும் பகுதிகளை மட்டும் படித்துக் காட்டுங்கள். முழுக் கட்டுரையை அனுப்ப வேண்டியதில்லை. அனுப்பினால் முன்னுரையில் பேரன் பெயரைச் சேர்க்கச் சொல்வார். ‘நீங்கள் சொன்னது இதுதானே?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் ‘அப்படி இல்ல தம்பி’ என்று தொடங்கினால் நடுவில் நீங்கள் எதையோ எடுத்திருக்கிறீர்கள். இன்னும் நன்றாகச் சொல்லியிருக்கலாம் என்று அவர் புதிதாகச் சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொள்ளுங்கள், சேர்க்க வேண்டாம்.

ஒலிப்பதிவையும் முழுத் தட்டச்சுப் பிரதியையும் அழிக்காமல் இரண்டு இடத்தில் வையுங்கள். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் உங்களுக்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

1,200 என்றால் 1,200 மட்டும் அனுப்புங்கள். 1,260 போனால் பக்கம் கட்டும்போது அந்த அறுபதை வேறு யாரோ வெட்டுவார்கள், பெரும்பாலும் அடியிலிருந்து. அப்படி வெட்டுபவரிடம் உங்கள் ஒலிப்பதிவு இருக்காது, ‘அதையெல்லாம்’ எதைச் சுட்டுகிறது என்றும் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று, டிக்கெட் மெஷின் பதிலைக் கடைசியில் வைத்து, அதன் இறுதி இரண்டு வாக்கியம் போனாலும் பதில் முழுதாக நிற்கும்படி எழுதி அனுப்புங்கள்.